ஒரு பக்க இமை மட்டும் சரிந்தால்...: அசதியா, நரம்புக் கோளாறா?

புது தில்லி: தில்லி எய்ம்ஸ் வளாகத்தில் உள்ள டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையத்தின் முன்பு விடியற்காலையிலேயே வரிசை தொடங்கிவிடும். உத்தரப் பிரதேசம், பிகார், ராஜஸ்தான் என வட மாநிலங்களின் பல பகுதிகளிலிருந்தும் இரவு ரயிலில் வந்து இறங்குவோர் நேராக இங்கு வருகின்றனர். கண்புரை, கண்நீர் அழுத்தம், விழித்திரைக் கோளாறு ஆகியவற்றுக்காக வருவோருக்கு இது சரியான வாசல்தான். ஆனால், ஒரு கண்ணின் மேலிமை மட்டும் சரிந்துவிட்டது என்று வருவோரில் ஒரு பகுதியினருக்கு நோய் கண்ணில் இல்லை. மூளைக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயிலோ, கழுத்திலோ, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு சுரப்பியிலோ அது இருக்கக்கூடும். கண் மருத்துவருக்கு இது தெரியும். நோயாளிக்குத் தெரியாது. தூக்கம் போதவில்லை, வேலை அதிகம் என்று தாமே காரணம் சொல்லிக்கொண்டு நாள்களைக் கடத்திய பிறகே பலர் வருகின்றனர்.

சோர்வினால் இமை தாழ்வது உண்மைதான். மேலிமையைத் தூக்கிப் பிடிப்பவை இரண்டு தசைகள். பெரிய தசை, மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் மூன்றாவது நரம்பின் ஆணைக்குக் கட்டுப்பட்டது. இமையைத் தூக்கும் வேலையில் பெரும் பங்கு அதனுடையதே. அதற்குத் துணையாக உள்ள மெல்லிய தசை, நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்பினால் இயங்குகிறது. நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் இவை ஓய்வின்றி வேலை செய்கின்றன. இரவு கண் விழித்தால் இரண்டாவது தசையின் முறுக்கு தளர்கிறது. இமைகள் சற்றே கீழிறங்குகின்றன.

ஆனால், அசதிக்கு வலம் இடம் தெரியாது. அது இரு இமைகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் தாழ்த்தும். ஓர் இரவு நன்றாக உறங்கினால் சரியாகிவிடும். இயல்பான நிலையில் மேலிமையின் விளிம்பு கருவிழியின் மேற்பகுதியை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு மூடியிருக்கும். ஒரு பக்க இமை மற்றதைவிட இரண்டு மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தாழ்ந்திருந்தால் அதை மருத்துவர்கள் இமைத் தொய்வு என்று கணக்கில் எடுத்துக்கொள்கின்றனர். அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணம் பெரும்பாலும் அபாயமற்றது. சில வேளைகளில் அன்றிரவே அறுவைச் சிகிச்சை தேவைப்படுமளவுக்கு அபாயமானது. இரண்டையும் பிரித்தறிய விலை உயர்ந்த கருவிகளுக்கு முன்பாகவே சில எளிய அடையாளங்கள் உள்ளன.

அடையாள அட்டையில் ஒரு சாட்சி

முதல் கேள்வி, எப்போதிலிருந்து என்பது. 'நேற்றுதான் கவனித்தேன்' என்று நோயாளி சொல்வதை அனுபவமுள்ள மருத்துவர்கள் அப்படியே ஏற்பதில்லை. பழைய புகைப்படத்தைக் கேட்கின்றனர். வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம், பணியில் சேர்ந்தபோது எடுத்த படம் ஆகிய ஏதேனும் ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கும். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய படத்திலும் அதே இமை அதே அளவு தாழ்ந்திருந்தால், புதிய நோய்க்கான அச்சம் பெருமளவு நீங்கிவிடுகிறது. வாக்காளர் அட்டைப் படங்களின் தரத்தைப் பற்றி நம் நாட்டில் எத்தனையோ நகைச்சுவைகள் உண்டு என்றாலும், இந்த ஒரு வேலைக்கு அவை போதும்.

வயது முதிரும்போது பெரிய தசையை இமையோடு இணைக்கும் நாண் நெகிழ்ந்துவிடுவதுதான் பெரியவர்களிடம் இமைத் தொய்வுக்கு மிகப் பொதுவான காரணம். பல ஆண்டுகள் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கும், கண்களை அடிக்கடி கசக்குபவர்களுக்கும், கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கும் இது முன்னதாகவே வரலாம். இதில் பார்வை இரட்டையாகத் தெரியாது. கண் எல்லாத் திசைகளிலும் சுழலும். தொய்வு மாதக்கணக்கில் மெல்லக் கூடும். பார்வையை மறைக்கும் அளவுக்கு வளர்ந்தால் நாணை இழுத்துத் தைக்கும் சிறு அறுவைச் சிகிச்சை போதுமானது. அவசரமே இல்லை. இமையில் கட்டி, வீக்கம் இருந்து அதன் பாரத்தால் தாழ்வது கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. முகவாதம் வந்தவருக்கும் ஒரு கண்தான் கெடுகிறது. ஆனால், அவரால் கண்ணை மூட முடியாது. கண்ணை மூடுவது ஏழாவது நரம்பின் வேலை, திறப்பது மூன்றாவது நரம்பின் வேலை. மூட முடியாத கண்ணும் திறக்க முடியாத கண்ணும் வெவ்வேறு நோய்கள்.

கரும்புள்ளி சொல்லும் சேதி

திடீரென்று, அதாவது சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ ஒரு பக்க இமை சரிந்தால் மருத்துவர் முதலில் பார்ப்பது இமையை அல்ல. அதைத் தூக்கிவிட்டு உள்ளே இருக்கும் பாவையைப் பார்க்கிறார். கருவிழியின் நடுவே ஒளி புகும் கரும்புள்ளிதான் பாவை. இரு பாவைகளும் ஒரே அளவில் உள்ளனவா, வெளிச்சம் பட்டதும் இரண்டும் சுருங்குகின்றனவா என்பதில்தான் பெரும்பாலும் விஷயம் அடங்கியிருக்கிறது.

இதற்குக் காரணம் மூன்றாவது நரம்பின் அமைப்பு. இமையைத் தூக்குவதோடு, கண்ணை உள்ளும் மேலும் கீழும் சுழற்றும் தசைகளையும் இந்நரம்பே இயக்குகிறது. பாவையைச் சுருக்கும் மெல்லிய இழைகளும் இதனோடு சேர்ந்தே வருகின்றன; அவை நரம்பின் வெளிப்புறத்தில், மேற்பரப்பை ஒட்டி ஓடுகின்றன. இந்நரம்பு கண்ணை நோக்கி வரும் வழியில் மூளையின் அடிப்புறத்தில் ஒரு ரத்தக்குழாய்ச் சந்திப்பை உரசிக்கொண்டு செல்கிறது. அந்தச் சந்திப்பில் ரத்தக்குழாயின் சுவர் பலவீனமடைந்து பலூன்போல் புடைத்தால் அது நரம்பை வெளியிலிருந்து அழுத்துகிறது. வெளிப்புறத்தில் உள்ள பாவை இழைகள் முதலில் நசுங்குகின்றன. விளைவு: இமை சரியும், கண் வெளிப்பக்கமும் கீழும் ஒதுங்கும், பாவை விரிந்து வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நிற்கும்.

சர்க்கரை நோயும் உயர் ரத்த அழுத்தமும் இதே நரம்பைத் தாக்குகின்றன, ஆனால் உள்ளிருந்து. நரம்பின் மையப் பகுதிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. நடுவே உள்ள இழைகள் செயலிழக்கின்றன, வெளியே உள்ள பாவை இழைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. இமை முழுவதும் மூடியிருந்தாலும் பாவை இயல்பாக இருப்பது இதனால்தான்.

ஒருவரை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம். தில்லியில் ஓர் அரசு அலுவலகத்தில் பணியாற்றும் 54 வயது ஊழியர். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நாடாளுமன்றக் கூட்டத் தொடர் நடக்கும் காலம். கேள்விகளுக்கான பதில்களைத் தயாரிக்க ஒரு வாரமாக இரவு பத்து மணிக்கு முன் வீடு திரும்பியதில்லை. திங்கள்கிழமை வலப் புருவத்துக்கு மேல் வலி. செவ்வாய்க்கிழமை காலை வல இமை பாதி இறங்கியிருக்கிறது. தூக்கம் போதவில்லை என்கிறார் அவர். புதன்கிழமை இமை முழுவதும் மூடிக்கொள்கிறது. விரலால் தூக்கிப் பார்த்தால் எதிரே இருக்கும் ஒரு கதவு இரண்டாகத் தெரிகிறது.

அவர் செவ்வாய்க்கிழமையே சென்றிருக்க வேண்டும். ஓர் இரவுத் தூக்கத்துக்குப் பிறகும் ஒரு பக்கம் மட்டும் இறங்கிய இமைக்கு அசதியைக் காரணம் சொல்ல முடியாது. புதன்கிழமை தெரிந்த இரட்டைப் பார்வை அதை உறுதி செய்கிறது. அசதியாலும் வயதாலும் தாழ்ந்த இமை, ஒரு பொருளை இரண்டாகக் காட்டாது. இமை மூடியிருக்கும் வரை இரட்டைப் பார்வை மறைந்திருக்கும் என்பதால், இமையைத் தூக்கிப் பார்த்தால்தான் அது வெளிப்படும்.

மருத்துவமனையில் வெளிச்சம் காட்டிப் பார்க்கையில் இரு பாவைகளும் சமமாக இருந்து, கண் அசைவுகள் முழுமையாக முடங்கியிருந்தால் சர்க்கரை நோயின் விளைவு என்ற ஐயம் வலுப்படும். வலி இருப்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. சர்க்கரை நோயினாலும் வலி வரும், ரத்தக்குழாய் வீக்கத்தினாலும் வலி வரும். ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அளந்து கட்டுப்படுத்தப்படும். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டால் இரட்டைப் பார்வைத் தொல்லை இராது. இவ்வகையில் பெரும்பாலோருக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களில் இமை தானாகவே மேலெழுந்துவிடுகிறது.

அதே ஊழியருக்கு வலப் பாவை இடப் பாவையைவிடப் பெரிதாக இருந்தால் கதையே வேறு. அது ரத்தக்குழாய் வீக்கமாகக் கருதப்பட்டு, அன்றே மூளை ரத்தக்குழாய்களுக்கான சி.டி. ஆஞ்சியோகிராம் எடுக்கப்பட வேண்டும். நரம்பு அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அவரை மாற்றுவதும் காலைக்குக் காத்திருக்கக் கூடாது. வீக்கம் வெடித்தால் மூளையைச் சுற்றி ரத்தம் பரவும். சிலர் மருத்துவமனையை அடையும் முன்பே இறக்கின்றனர், பிழைப்போரில் பலர் நிரந்தரக் குறைபாட்டுடன் வாழ்கின்றனர். வெடிக்கும் முன் கண்டறிந்தால், மண்டை ஓட்டைத் திறந்து அதன் கழுத்தில் கவ்வி பொருத்தியோ, தொடை வழியாகச் செலுத்தும் மெல்லிய குழாயின் மூலம் உலோகச் சுருளை நிரப்பியோ அதை அடைத்துவிட முடியும்.

தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றில் இப்போது சி.டி. கருவி இருக்கிறது. தலையில் எடுக்கும் சாதாரண சி.டி. படம் ரத்தக் கசிவைக் காட்டும். வெடிக்காத வீக்கத்தைப் பெரும்பாலும் காட்டாது. 'படத்தில் ஒன்றுமில்லை, ஓய்வெடுங்கள்' என்று நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படும் அபாயம் இங்கேதான். ரத்தக்குழாய்க்கு மருந்து செலுத்தி எடுக்கும் படமே இதற்கு விடை தரும். அதை இரவு நேரத்திலும் எடுத்து, உடனே படித்துச் சொல்லும் நிபுணர் இருக்கும் மருத்துவமனைகள் நம் நாட்டில் இன்னும் பெருநகரங்களில்தான் குவிந்துள்ளன. கருவி வாங்கியதைக் கணக்கில் காட்டும் அரசுகள், அதைப் படிக்கும் ஆள்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

பாவையை மட்டுமே நம்பிவிடவும் முடியாது. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் பாவை முன்பே வடிவம் மாறியிருக்கலாம். காலையில் கண் பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டிருந்தால் அது விரிந்தே நிற்கும். நரம்பு ஓரளவே செயலிழந்த முதல் சில நாள்களில் பாவை இயல்பாக இருந்து பிறகு விரிவதும் உண்டு. எனவே, பாவை சமமாக இருந்தாலும் ஐயம் இருந்தால் படம் எடுத்துவிடுவதும், முதல் வாரத்தில் மீண்டும் மீண்டும் பார்ப்பதும் வழக்கமாகியுள்ளது.

பாவை விரியாமல், மாறாகச் சிறுத்து, இமையும் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே தாழ்ந்திருந்தால் கோளாறு பரிவு நரம்பில். அந்நரம்பு நெஞ்சின் உச்சிக்கு இறங்கிக் கழுத்து வழியாக மேலேறி வருவது. இத்துடன் புதிதாகக் கழுத்து வலி இருந்தால் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். பக்கவாதத்தின் முன்னறிவிப்பு அது. பீடி, சிகரெட் பழக்கமுள்ளவருக்குத் தோள் வலியும் சேர்ந்திருந்தால் நுரையீரல் உச்சியில் புற்று உள்ளதா என்று தேட வேண்டும்.

மாலையில் வரும் நோய், காலையில் திறக்கும் மருத்துவமனை

அசதி என்று மிக எளிதில் தவறாக எண்ணப்படுவது மயஸ்தீனியா கிராவிஸ் எனும் தசைச் சோர்வு நோய். 1984 இறுதியில் அலாகாபாத் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற நடிகர் அமிதாப் பச்சனுக்கு அக்காலகட்டத்தில் இந்நோய் கண்டறியப்பட்டதால், இதன் பெயர் நாடெங்கும் பத்திரிகைகளில் அடிபட்டது. நோயின் இயல்பு அந்த அளவுக்கு அறியப்படவில்லை.

இதில் நரம்பும் பழுதில்லை, தசையும் பழுதில்லை. நரம்பு தசைக்கு ஆணையைக் கடத்தும் சந்திப்பில் உள்ள ஏற்பிகளை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிக்கிறது. தசை முதல் சில முறை இயங்கும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் தளரும். ஓய்வு கொடுத்தால் மீளும். பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது கண்ணில்தான் தொடங்குகிறது. ஒரு பக்க இமை காலையில் நன்றாக இருந்து, மாலையில் இறங்கும். சில நாள்கள் மறு பக்கம் மாறும். இரட்டைப் பார்வையும் வந்து போகும். பாவை மட்டும் எந்நாளும் பாதிக்கப்படுவதில்லை.

சிக்கல் என்னவெனில், நம் அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிகளுக்கான பதிவு பெரும்பாலும் காலையில்தான் நடக்கிறது. நோயாளி உறங்கி எழுந்து வரும் நேரத்தில் இமை உயர்ந்தே இருக்கும். மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது. மூன்று முறை அலைந்து, 'மன உளைச்சல்' என்ற முத்திரையோடு திரும்புவோர் உண்டு. இதற்கு எளிய மாற்று, காலை எழுந்தவுடன், நண்பகல், இரவு என மூன்று வேளையும் கைப்பேசியில் முகத்தை நேருக்கு நேர் படம் எடுத்து, நான்கைந்து நாள் படங்களை மருத்துவரிடம் காட்டுவது. வயதால் நெகிழ்ந்த இமையும் மாலையில் சற்றுக் கூடுதலாகத் தாழும் என்பதால் படம் மட்டுமே நோயை உறுதி செய்துவிடாது. ஆனாலும், வேளைக்கு வேளை பெரிதும் மாறும் இமை மருத்துவரின் கவனத்தைத் திருப்பிவிடும்.

மருத்துவர் நோயாளியை ஓரிரு நிமிடங்கள் இமைக்காமல் மேல்நோக்கிப் பார்க்கச் சொல்வார்; இந்நோய் உள்ளவரின் இமை மெல்ல மெல்ல இறங்கும். பிறகு, துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய இமையின் மீது இரண்டு நிமிடம் வைப்பார். குளிரில் நரம்பின் ஆணை தசைக்கு நன்றாகக் கடத்தப்படுவதால், இமை இரண்டு மில்லிமீட்டராவது உயர்ந்தால் ஐயம் வலுப்படுகிறது. ஏற்பிகளுக்கு எதிரான நோயெதிர்ப்பொருளைக் காணும் ரத்தப் பரிசோதனை, கண்ணளவில் நிற்கும் நோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கே தெளிவான விடை தரும். மற்றவர்களுக்கு நரம்புத் தூண்டல் பரிசோதனை தேவைப்படும். நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி உள்ளதா என்பதையும் படம் எடுத்துப் பார்ப்பர்.

பைரிடோஸ்டிக்மின் மாத்திரை பலருக்கு நல்ல பலன் தருகிறது. தேவையானால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளும் தரப்படும். கண்ணில் தொடங்கியவர்களில் கணிசமானோருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், நோய் உடலின் பிற தசைகளுக்குப் பரவுகிறது. குரல் மூக்கின் வழி வருவது, சோறு விழுங்கும்போது புரையேறுவது, படுத்தால் மூச்சுத் திணறுவது ஆகியவை தோன்றினால் அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கான நேரம். மூச்சு இழுத்து ஒரே மூச்சில் இருபது வரைகூட எண்ண முடியாதவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இந்நோய் உள்ளவர்களுக்குச் சில நுண்ணுயிர்க் கொல்லிகள் ஆபத்தானவை. சிப்ரோஃபிளாக்சசின், அசித்ரோமைசின், ஜென்டாமைசின் ஆகியவை தசைத் தளர்ச்சியைத் திடீரெனக் கூட்டக்கூடும். இவற்றில் முதல் இரண்டும் சளிக்கும் வயிற்றுப்போக்கும் மருந்துச் சீட்டே இல்லாமல் கடைகளில் சர்வ சாதாரணமாக விற்கப்படுபவை. மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் கடையின் சுவரோடு நின்றுவிடுகிறது.

2021 விட்டுச் சென்ற பாடம்

இமைத் தொய்வை நாடு தழுவிய அளவில் செய்தியாக்கியது 2021-ஆம் ஆண்டின் இரண்டாவது கரோனா அலை. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் ஸ்டீராய்டு மருந்துகளின் மிகைப் பயன்பாடும் சேர்ந்து, கருப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூகோர்மைகோசிஸ் பரவியது. அவ்வாண்டு மே மாதம் இதைப் பெருந்தொற்று நோய்கள் சட்டத்தின் கீழ் அறிவிக்கை செய்யுமாறு மாநிலங்களை மத்திய அரசு கேட்டுக்கொண்டது. 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாக ஜூலையில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஆம்ஃபோடெரிசின்-பி மருந்துக்காகக் குடும்பங்கள் மாநிலம் விட்டு மாநிலம் அலைந்தன.

மூக்கில் நுழையும் இப்பூஞ்சை சைனஸ் அறைகள் வழியாகக் கண் குழிக்குப் பரவுகிறது. ஒரு பக்க முக வலி, கன்னத்தில் மரத்த உணர்வு, மூக்கில் கருநிறக் கசிவு, அதே பக்கத்தில் இமை சரிதல் என்பது அதன் பாதை. இமை சரியும்போது பூஞ்சை ஏற்கெனவே கண் குழிக்குள் வந்துவிட்டது என்றே பொருள். அதன் பிறகு கண்ணைக் காப்பதும் உயிரைக் காப்பதும் மணிக்கணக்கில் நடக்கும் போட்டி. கரோனா அலை ஓய்ந்தாலும் நோய் ஓயவில்லை. சர்க்கரை கட்டுக்கு அடங்காதவர்களிடம் அது அலைக்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அத்தகையவர் ஒரு பக்க முக வலியோடும் சரிந்த இமையோடும் வந்தால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவர் மூக்கின் உட்புறத்தைக் கருவி செலுத்திப் பார்த்தாக வேண்டும்.

இரு இமைகளும் சேர்ந்து சரிவது வேறு விஷயம் என்றாலும் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. வட மாநிலக் கிராமங்களில் மழைக்காலத்தில் தரையில் படுத்துறங்கியவர் விடியலில் வயிற்று வலியோடு எழுந்து, இரு இமைகளையும் தூக்க முடியாமல் தவித்தால் அது கட்டுவிரியன் கடியாக இருக்க வாய்ப்பு மிகுதி. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இராது. பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். மந்திரிப்பவரிடம் செல்லும் நேரத்தில் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும்.

குழந்தைகளின் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. பிறவியிலேயே ஓர் இமை தாழ்ந்து பாவையை மறைத்திருந்தால், மூளை அந்தக் கண்ணின் பார்வையைப் பயன்படுத்தவே கற்றுக்கொள்வதில்லை. 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று பள்ளி வயது வரை காத்திருந்தால், பிறகு இமையைத் தூக்கி வைத்தாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது.

எங்கே செல்வது என்பதும் நோயைப் பொருத்ததே. ஆண்டுக்கணக்கில் மெல்லத் தாழ்ந்த இமைக்குக் கண் மருத்துவமனையின் இமை அறுவைப் பிரிவு. வேளைக்கு வேளை மாறும் இமைக்கு நரம்பியல் பிரிவு. கையில் தேதியும் நேரமும் குறித்த புகைப்படங்கள், இதுவரை உண்ட மாத்திரைகளின் பட்டியல். ஓரிரு நாளில் சரிந்த இமையுடன் இரட்டைப் பார்வை, பெரிதான அல்லது சிறுத்த பாவை, கடும் தலைவலி, கழுத்து வலி, கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் புறநோயாளிகள் வரிசையில் நிற்கக் கூடாது. நரம்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகச் செல்ல வேண்டும். அங்கே, 'கண் சரிந்துவிட்டது' என்று மட்டும் சொன்னால் கண் பிரிவுக்குத் திருப்பி அனுப்பப்படலாம். எந்த நாளில், எந்த மணியில் தொடங்கியது, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதா, பாவைகளில் வேறுபாடு உள்ளதா என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.